‘குடல்வால் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் சொன்னால்…

குழந்தைக்கு வயிற்றுவலி. குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் டாக்டர் ஸ்கேன் எழுதித் தருகிறார். வரிசையில் காத்திருந்து, வயிறெல்லாம் ஜெல் தடவி, ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வருகிறது. கல்லீரல் நார்மல், பித்தப்பை நார்மல், கிட்னி நார்மல் என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு வரி நிற்கிறது: ‘அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு.’ அதற்கும் கீழே, ‘சஜஸ்டட் க்ளினிக்கல் கோரிலேஷன்.’ குடல்வால் பார்வைக்குக் கிடைக்கவில்லை, குழந்தையின் நிலையோடு சேர்த்து முடிவெடுங்கள் என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் எழுதியிருக்கிறார்.

இந்த ஒரு வரி பெற்றோரை இரண்டு பக்கமும் இழுக்கிறது. சிலர் ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்’ என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் ‘இதில் தெரியாது, சி.டி. எடுத்தால்தான் தெரியும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த இரவே சி.டி. சென்டருக்கு ஓடுகிறார்கள். இரண்டும் அவசரப்பட்ட முடிவுகள். அந்த வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, குழந்தையின் வயிறு என்ன சொல்கிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் சி.டி. வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடம் உண்டு.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். இப்படி வரும் பல குழந்தைகளின் அனுபவத்தைச் சேர்த்து உருவாக்கிய உதாரணம் இவன். முதல்நாள் காலை இட்லியைத் தொடவில்லை. தொப்புளைச் சுற்றி வலி என்றான். ஒருமுறை வாந்தி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார், அஜீரணம் என்று நினைத்தார். மாலையிலும் வலி விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காய்ச்சல் இல்லை. “ஒரு விரலால எங்க வலிக்குதுன்னு காட்டு தம்பி” என்று குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் கேட்டதற்கு, வலது இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் காட்டினான். அங்கே அழுத்தினால் வலித்தது. “கீழ இறங்கி ஒரு தடவ குதி பார்ப்போம்” என்றார். குதித்தான், முகம் சுளிக்கவில்லை. வெள்ளை அணுக்கள் 9,800.

இந்தக் கேள்விகள் எதுவும் சம்பிரதாயத்துக்குக் கேட்கப்படுபவை அல்ல. குழந்தைகளின் குடல்வால் அழற்சிக்கென்றே 2002-ல் வெளியான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மொத்தம் 10. வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலித்தால் 2. இருமினாலோ குதித்தாலோ தட்டினாலோ அங்கே வலித்தால் 2. பசியின்மை, வாந்தி அல்லது குமட்டல், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் நகர்வது, வெள்ளை அணுக்கள் 10,000-ஐத் தொடுவது, அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை 7,500-ஐத் தொடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1. மூன்று வரை வந்தால் குடல்வால் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. ஏழும் அதற்கு மேலும் வந்தால் வாய்ப்பு மிக அதிகம். நான்கு, ஐந்து, ஆறு என்பதுதான் குழப்பமான நடுப்பகுதி. ஸ்கேன் மிகவும் உதவுவது இந்த நடுப்பகுதிக் குழந்தைகளுக்குத்தான். நம் பையனுக்குத் தொட்டால் வலி 2, பசியின்மை 1, வாந்தி 1. தொடங்கிய வலி ஓரிடத்துக்கு நகர்ந்ததா என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆக 4. ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

புரோப் எப்படித் தேடுகிறது

ஸ்கேன் டேபிளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டின் பாதி வரிகள் தானாகவே விளங்கிவிடும். கல்லீரலையும் கிட்னியையும் பார்க்கும் வளைந்த புரோப்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டையான வேறொரு புரோப்பை ரேடியாலஜிஸ்ட் எடுப்பார். ஆழமாகப் பார்க்க அதனால் முடியாது. தோலுக்கு அருகில் இருப்பதை மிக நுணுக்கமாகக் காட்டும். குழந்தையின் வயிற்றுச் சுவர் மெலிதாக இருப்பதால் இந்தத் தேடலில் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அல்ட்ராசவுண்ட் நன்றாக வேலை செய்கிறது.

பிறகு அந்தப் புரோப்பை வைத்து மெதுமெதுவாக அழுத்துவார். குழந்தை மூச்சை வெளியே விடும்போது இன்னும் கொஞ்சம். திடீரென்று அழுத்திவிட்டால் குழந்தை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், எதுவும் தெரியாது. நெதர்லாந்தைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் ஜூலியன் பைலார்ட் 1986-ல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பு, குடலுக்குள் இருக்கும் காற்று ஒலி அலைகளைத் தடுத்துவிடும் என்பதால் குடல்வாலை அல்ட்ராசவுண்டில் தேடுவதே வீண் என்று கருதப்பட்டது. படிப்படியாக அழுத்தினால் காற்று நிறைந்த குடல் சுருள்கள் விலகிக்கொள்ளும், அழுத்தினாலும் அமுங்காத வீங்கிய குடல்வால் பிடிபடும் என்று அவர் காட்டினார். சரியாக அழுத்தியாயிற்றா என்று பார்க்க ஓர் அடையாளமும் உண்டு. வயிற்றின் பின்பக்கம் இருக்கும் சோவாஸ் என்ற தசையும், காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் திரையில் வரவேண்டும். அவை வராவிட்டால் தேடல் முழுமையாகவில்லை.

வலது பக்கம் மேலிருந்து இறங்கும் பெருங்குடலைப் பிடித்துக்கொண்டு, அது முடியும் மூட்டை போன்ற இடம் வரை வருவார்கள். சீக்கம் என்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் சிறுகுடல் வந்து சேரும். அதற்குக் கொஞ்சம் கீழே, ஒரு முனை மூடிய, அசையாத குழாய் ஒன்று கிளம்பினால் அதுதான் குடல்வால். சிறுகுடலும் குழாய்தான். ஆனால் அது அசையும், அமுங்கும், முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மூடிய முனையைக் கண்ணால் பார்த்தால்தான் பார்த்தது குடல்வால் என்று உறுதியாகச் சொல்ல முடியும். இதை மறந்துவிடாதீர்கள். நம் பையனின் விஷயத்தில் எல்லாமே இந்த முனையில்தான் வந்து நிற்கப்போகிறது.

ரிப்போர்ட் அடுக்கும் அடையாளங்கள்

முதலில் வருவது விட்டம். அழுத்திய நிலையில், ஒரு வெளிச்சுவரிலிருந்து எதிர் வெளிச்சுவர் வரை அளப்பார்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம். பல பெற்றோர் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பதறுகிறார்கள். ‘6.5 என்று போட்டிருக்கிறதே, ஆபரேஷன்தானா?’ அவசியமில்லை. ஆரோக்கியமான குழந்தைகளிலும் சிலருக்கு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். குழந்தைப் பருவத்தில் குடல்வாலின் சுவரில் நோய் எதிர்ப்புத் திசு நிறைய உண்டு, சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே அது தடித்துக்கொள்ளும். உள்ளே மலமோ காற்றோ இருந்தாலும் அகலம் கூடும். 6-லிருந்து 8 வரை உள்ள அளவை விட்டத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பது குழந்தைகளை அதிகம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட்களின் அனுபவம்.

அதனால்தான் அடுத்த வரி முக்கியமாகிறது: ‘நான் கம்ப்ரஸிபிள்’, அதாவது அழுத்தினால் அமுங்கவில்லை. நல்ல குடல்வால் புரோப்பின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும். வாய் அடைபட்டு, உள்ளே நீரும் சீழும் கட்டி, அழுத்தம் ஏறிய குடல்வால் அப்படி ஆகாது. 7 மில்லிமீட்டர் இருந்தும் அமுங்குகிறது, அந்த இடத்தில் வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. 7 மில்லிமீட்டர், அமுங்கவில்லை, புரோப் அங்கே பட்டதும் குழந்தை துள்ளுகிறது என்றால் கதை வேறு. அந்தத் துள்ளலை ரிப்போர்ட்டில் ‘ப்ரோப் டெண்டர்னெஸ்’ என்று எழுதுவார்கள். ரேடியாலஜிஸ்ட் திரையையும் குழந்தையின் முகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். சி.டி. மெஷினால் முடியாத காரியம் இது.

கலர் டாப்ளரில் சுவருக்குள் ரத்த ஓட்டம் கூடியிருந்தால் ‘ஹைப்பரீமியா’ என்று இருக்கும். அழற்சியின் அடையாளம் அது. ஆனால் சுவர் அழுகத் தொடங்கிவிட்டால் ரத்த ஓட்டமே குறைந்துபோகும். எனவே ‘வாஸ்குலாரிட்டி இல்லை’ என்ற வரி எப்போதும் நல்ல செய்தி ஆகாது. ‘அப்பெண்டிகோலித்’ என்றால் குடல்வாலுக்குள் இறுகிப்போன மலக்கட்டி. திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்து, பின்னால் கறுப்பு நிழல் விழும். வலியில்லாத குழந்தையிலும் இது இருக்கலாம். ஆனால் வீங்கிய குடல்வாலில் இது இருந்தால் ஓட்டை விழும் அபாயம் கூடுதல். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கும் டாக்டரும் இந்த வரியைப் பார்த்தால் பெரும்பாலும் ஆபரேஷன் பக்கமே சாய்வார்.

பெற்றோர் கண்ணில் படாமல் போகும் வரி ஒன்று உண்டு. எனக்கு அது மிகவும் பெறுமதியான வரி. குடல்வாலைச் சுற்றியுள்ள கொழுப்பு ‘எக்கோஜெனிக்’ ஆக, அதாவது வழக்கத்தைவிட வெள்ளையாகத் தடித்து இருக்கிறது என்பது. வீக்கம் இருக்கும் இடத்தைக் கொழுப்புத் திசு சூழ்ந்துகொண்டு மூடப் பார்க்கிறது. குடல்வால் கண்ணில் படாத நேரத்திலும் இந்த வெள்ளைக் கொழுப்பு தெரிந்துவிடும். குடல்வால் அழற்சியின் மறைமுக அடையாளங்களில் நம்பத்தகுந்தது இதுதான். ‘ஃப்ரீ ஃப்ளூயிட்’ எனப்படும் நீர் அப்படியல்ல. இடுப்புக் குழிக்குள் கொஞ்சம் தெளிந்த நீர் பல குழந்தைகளுக்குச் சாதாரணமாகவே இருக்கும். அது கலங்கலாக இருந்தாலோ, ஒரே இடத்தில் சுவர் கட்டி நின்றாலோதான் சீழ்க்கட்டி என்ற கவலை வருகிறது.

நிணநீர்க் கட்டிகளைப் பற்றிய வரி இல்லாத குழந்தை ஸ்கேன் ரிப்போர்ட்டே அபூர்வம். ‘மெசென்ட்ரிக் லிம்ஃப் நோட்ஸ்’ என்று இருக்கும். குறுக்களவு 8 மில்லிமீட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாதவை. அதைவிடப் பெரிதாகக் கூட்டமாக இருந்து, குடல்வால் முழுதாகத் தெரிந்து நார்மலாகவும் இருந்தால், வைரஸ் காய்ச்சலோடு வரும் நிணநீர்க் கட்டி வீக்கம் என்று முடிவுக்கு வரலாம். தானே அடங்கிவிடும். குடல்வாலைப் பார்க்காமலேயே ‘நோட்ஸ் இருக்கிறது, அதனால்தான் வலி’ என்று முடிவு செய்வதுதான் தவறு. குடல்வால் அழற்சியிலும் கட்டிகள் வீங்கும்.

சில ரிப்போர்ட்கள் ஓட்டை விழுந்துவிட்டதைச் சொல்லும். சுவரின் நடுவே வெள்ளைக் கோடாகத் தெரியும் அடுக்கு ஆங்காங்கே அறுபட்டுப்போவது, வெளியே கலங்கல் நீர், சீழ்க்கட்டி, அக்கம்பக்கக் குடல் அசைவற்றுப் போவது போன்றவை. ஓட்டை விழுந்ததும் உள்ளிருந்த அழுத்தம் இறங்கிவிடும் என்பதால் குடல்வால் சுருங்கி, தேடினாலும் கிடைக்காமல் போவதும் உண்டு. வலி திடீரென்று குறைந்ததாகக் குழந்தை சொல்லிவிட்டு, சில மணி நேரத்தில் வயிறு முழுக்க வலியும் காய்ச்சலும் ஏறினால் அதைத் தேறுதல் என்று எண்ணிவிட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே இது இன்னும் கவலைக்குரியது. அந்தக் குழந்தைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நோய் பிடிபடும் முன்பே பலருக்கு ஓட்டை விழுந்துவிடுகிறது.

தெரியவில்லை என்பதற்குள் இரண்டு பதில்கள்

நம் பையனின் முதல் ரிப்போர்ட்டுக்கு வருவோம். குடல்வால் தெரியவில்லை. வலப்பக்க அடிவயிற்றில் ப்ரோப் டெண்டர்னெஸ் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் குறுக்களவில் சில நிணநீர்க் கட்டிகள். மிகக் கொஞ்சம் நீர். கொழுப்பில் மாற்றம் எதுவும் எழுதப்படவில்லை.

குடல்வால் தெரியவில்லை, மறைமுக அடையாளங்களும் இல்லை, ரத்தப் பரிசோதனை நார்மல், வலியும் குறைந்து வருகிறது என்றால் அந்தக் குழந்தைக்குக் குடல்வால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படிப்பட்ட குழந்தையை, எப்போது திரும்பி வரவேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். சி.டி. வேண்டியதில்லை. மாறாக, குடல்வால் தெரியவில்லை, ஆனால் கொழுப்பு வெள்ளையாக இருக்கிறது, கலங்கல் நீர் இருக்கிறது, புரோப்பைப் பொறுக்க முடியவில்லை என்றால் அதே வரிக்குப் பொருள் மாறிவிடுகிறது. எங்கோ மறைந்து வீங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பையன் இரண்டுக்கும் இடையில் நின்றான்.

“சி.டி. எடுத்துப் பார்த்துடலாமே சார்?” என்று அம்மா கேட்டார்.

“எடுக்கலாம்மா. ஆனா இப்பவே வேணாம். ராத்திரி இங்கயே இருக்கட்டும். நானே திரும்ப வந்து வயித்தத் தொட்டுப் பார்க்கறேன். காலையில ரத்தமும் ஸ்கேனும் இன்னொரு தடவ பார்ப்போம். அதுக்கப்புறமும் புரியலைன்னா எடுப்போம்.”

காத்திருக்கச் சொன்னதைப் பல குடும்பங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாய்வழி எதுவும் கொடுக்காமல், டிரிப் ஏற்றி, ஒரே டாக்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். குடல்வால் அழற்சி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மணிக்கணக்கில் முற்றும். வைரஸ் வலி தணியும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது ஸ்கேன், முதலாவது ஸ்கேன் சொல்லாததைச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இதற்கிடையில் வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று பயந்து குழந்தையைத் துடிக்க விடவேண்டியதில்லை. தகுந்த அளவு வலி மருந்து கொடுத்தாலும் டாக்டரால் கண்டுபிடிக்க முடியும். எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலை பையனுக்குக் காய்ச்சல் 37.8, இன்னும் எல்லையைத் தொடவில்லை. குதித்தால் இப்போதும் பெரிய வலியில்லை. ஆனால் வலது காலை மடக்கியே வைத்திருந்தான், நீட்டச் சொன்னால் இடுப்புப் பக்கம் வலிக்கிறது என்றான். வெள்ளை அணுக்கள் 13,600. அதில் 80 சதவீதம் நியூட்ரோஃபில், கணக்குப் போட்டால் 10,880. மதிப்பெண் 4-லிருந்து 6 ஆனது.

இரண்டாவது ஸ்கேனில் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் அவனை இடப்பக்கம் திரும்பிப் படுக்கவைத்தார். இடது கையை அவன் முதுகுக்குக் கீழே கொடுத்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டே, வலது கையால் புரோப்பை அழுத்தினார். சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குடல்வாலை வெளியே கொண்டுவரும் உத்தி அது. கிடைத்தது, ஆனால் பாதி. தொடக்கத்தில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெரிந்தது. விட்டம் 5 மில்லிமீட்டர், அமுங்கியது. அதன் பிறகு சீக்கத்தின் காற்றுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. சீக்கத்தின் பின்புறம் கொழுப்பு வெள்ளையாக இருந்தது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘குடல்வால் தெரிகிறது, 5 மில்லிமீட்டர், நார்மல்’ என்று எழுதி முடித்திருக்கலாம். அழற்சி குடல்வாலின் முனையில் மட்டும் இருக்கக்கூடும். அடிப்பகுதி முழு ஆரோக்கியமாக இருக்க, முனை சீழ் கட்டி வீங்கியிருக்கும். மூடிய முனை வரை பார்க்காமல் நார்மல் என்று சொல்லவே கூடாது. அந்த ரேடியாலஜிஸ்ட் எழுதியது இப்படி: தொடக்கப் பகுதி நார்மல், முனை தெரியவில்லை, சீக்கத்தின் பின்புறக் கொழுப்பில் அழற்சி, மேற்கொண்டு படம் தேவை. நேர்மையான ரிப்போர்ட்.

சி.டி. வரும் நேரம்

இரண்டு அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று. வயிறும் ரத்தமும் மோசமாகிக்கொண்டே போகின்றன. படம் பதில் சொல்லவில்லை. சி.டி. சேரவேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு இடமும் உண்டு. நான்கைந்து நாள் வலியோடு, காய்ச்சலோடு, வலப்பக்கம் கையில் தட்டுப்படும் கட்டியோடு ஒரு குழந்தை வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. குடல்வாலா இல்லையா என்பது அங்கே சந்தேகமில்லை. சீழ் எத்தனை இடத்தில் கட்டியிருக்கிறது, எவ்வளவு பெரிது, தோல் வழியாக ஊசிக்குழாய் செலுத்தி வடிக்க வழியிருக்கிறதா என்பதே கேள்வி. குடல் காற்றுக்கு அடியில் ஒளிந்த சீழ்க்கட்டிகளை சி.டி. முழுதாகக் காட்டிவிடும். உடல் பருமனான குழந்தைகளிடம் ஒலி அலை ஆழம் வரை எட்டாது என்பதால் அவர்களுக்கும் சி.டி. சற்று முன்னதாகவே தேவைப்படலாம்.

இதற்கு வெளியே? மதிப்பெண் உயரம், அல்ட்ராசவுண்டில் 9 மில்லிமீட்டர் அமுங்காத குடல்வால் என்றால் நேரே ஆபரேஷன். அங்கே ‘உறுதிப்படுத்திக்கொள்ள’ ஒரு சி.டி. எடுப்பதால் குழந்தைக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. குடல்வால் முனை வரை நார்மலாகத் தெரிந்தாலும் சி.டி. வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? சி.டி. துல்லியமானதுதான். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006-ல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்த அலசலில், குடல்வால் அழற்சி உள்ள 100 குழந்தைகளில் அல்ட்ராசவுண்ட் 88 பேரையும் சி.டி. 94 பேரையும் கண்டுபிடித்தன. நோய் இல்லாத 100 பேரில் அல்ட்ராசவுண்ட் 94 பேருக்கும் சி.டி. 95 பேருக்கும் ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னன. தேர்ந்த கையில் அல்ட்ராசவுண்ட் எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள். அந்தச் சிறு இடைவெளிக்கு நாம் கொடுக்கும் விலை கதிர்வீச்சு. ஐரோப்பாவின் 9 நாடுகளில், சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட சுமார் 9.5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. இன்றைய அளவில் ஒரு சி.டி. எடுத்துக்கொள்ளும் 10,000 குழந்தைகளில், அடுத்த 12 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கோ இருவருக்கோ ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது அதன் கணக்கு. தேவையுள்ள குழந்தைக்கு இது தயங்க வேண்டிய அளவல்ல. ஓட்டை விழுந்த குடல்வாலின் ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் தேவையில்லாத குழந்தைக்கு அந்த ஒன்றோ இரண்டோகூட ஏன்?

எடுப்பதென்றால் எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும். குடல்வாலுக்கு நரம்பு வழியாக அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி ஒரே ஒரு சுற்று எடுத்தால் போதும். மருந்து போடும் முன் ஒன்று, போட்டதும் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று என்று பெரியவர்களின் கட்டிக்கு எடுப்பதுபோல மூன்று சுற்று எடுத்தால் கதிர்வீச்சும் ஏறக்குறைய மூன்று மடங்காகும். குழந்தையின் எடைக்குத் தக்கபடி மின்னழுத்தத்தையும் குறைக்க வேண்டும். “குழந்தைக்கான அளவில், ஒரே ஃபேஸ்தானே எடுக்கப் போறீங்க?” என்று டெக்னீஷியனிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்பு ஒவ்வாமை பற்றியும் கிட்னி பற்றியும் கேட்பார்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சே இல்லையே என்ற கேள்வி நியாயமானது. அது வசதியாகக் கிடைக்கும் பெரிய மருத்துவமனைகளில் சி.டி.க்குப் பதில் அதையே எடுக்கிறார்கள், துல்லியமும் குறைவில்லை. ஆனால் அதில் குழந்தை வெகுநேரம் அசையாமல் படுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கும். நள்ளிரவில் எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் கிடைக்காது. சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும்.

பையனுக்கு ஒரே சுற்று சி.டி. எடுத்தார்கள். குடல்வால் சீக்கத்தின் பின்புறமாக மேல்நோக்கி மடிந்திருந்தது. முனைப் பகுதி 11 மில்லிமீட்டர் வீங்கியிருந்தது, உள்ளே 6 மில்லிமீட்டர் மலக்கட்டி. சுற்றிலும் கொழுப்பு கலங்கியிருந்தது. குடலுக்கு வெளியே காற்று இல்லை, சீழ்க்கட்டி இல்லை. குதித்தபோது அவனுக்கு வலிக்காததன் காரணமும் அதில் விளங்கியது. வீங்கிய முனை வயிற்றின் முன்சுவரைத் தொடவில்லை, பின்னால் சோவாஸ் தசையின் மேல் கிடந்தது. காலை நீட்டினால் அந்தத் தசை இழுபட்டு வலித்தது. குடல்வால் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்ததால், லேப்ராஸ்கோப்பி துளைகளை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு, ஓட்டை விழுமுன் எடுத்துவிட்டார்கள்.

பெண் குழந்தைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வலது அடிவயிற்று வலியில் சினைப்பை முறுக்கிக்கொள்வதும் ஒரு காரணம். அது குடல்வாலைவிடவும் அவசரமானது, சில மணி நேரத்தில் சினைப்பையையே இழக்க நேரலாம். சினைப்பையைப் பார்க்கச் சிறந்தது அல்ட்ராசவுண்டுதான், சி.டி. அல்ல. அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொன்னால், ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் டிரிப் மூலமே நிரப்ப முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியாகூடச் சின்னக் குழந்தைக்கு வயிற்றுவலியாக வரும். ஸ்கேன் நார்மல், ஆனால் காய்ச்சலும் வேகமான மூச்சும் இருக்கிறது என்றால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் பதில் கிடைத்துவிடும்.

அடுத்த முறை ரிப்போர்ட் கையில் வந்தால் ‘இம்ப்ரெஷன்’ என்ற கடைசிப் பகுதியோடு நிறுத்தாதீர்கள். குடல்வால் முனை வரை தெரிந்ததா, அமுங்கியதா, சுற்றியுள்ள கொழுப்பு எப்படி இருந்தது என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த டாக்டரிடமே கேளுங்கள். ‘தெரியவில்லை’ என்ற ரிப்போர்ட்டோடு குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்து, வலி கூடினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, வயிறு பலகைபோல் இறுகினாலோ, நடக்க மறுத்துக் குனிந்தபடியே இருந்தாலோ விடியும் வரை பொறுக்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குச் சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கூட்டிச் செல்லுங்கள்.